பெயர்ப்பலகை ஒருவருக்கு, கடை இன்னொருவருக்கு

எந்தக் கடையைப் பகிஷ்கரிப்பது என்று பேசும்போது நாம் பெயர்ப்பலகையைத்தான் பார்க்கிறோம். கடை யாருடையது என்று கேட்பது குறைவு.

2023 ஒக்டோபரில் இஸ்ரேலில் இராணுவத்தினருக்கு இலவச உணவு கொடுத்தது அமெரிக்காவின் மக்டொனால்ட்ஸ் தலைமையகம் அல்ல. அந்தப் பெயரைப் பாவிக்க உரிமம் பெற்றிருந்த அலோன்யால் என்ற உள்ளூர் கம்பனி. மலேசியாவில் அதே பெயரில் கடை நடத்துவது சவூதி முதலாளிகளின் கம்பனி. ஆனாலும் பகிஷ்கரிப்பின் அடி அவர்களுக்கும் விழுந்தது.

அப்படியானால் அவர்களுக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பே இல்லையா? அதுவும் சரியில்லை. உரிமம் பெற்றவர் வழமையாக இலாபத்தில் அல்ல, விற்பனையில் ஒரு வீதத்தைப் பெயரின் சொந்தக்காரருக்குக் கட்டுகிறார். கடை நட்டத்தில் ஓடினாலும் அது போகும். வாடகை, சம்பளம், கோழி வாங்கிய காசு எல்லாம் உள்ளூரில் நிற்கும்.

கூட்டு முயற்சி வேறு வகை. இந்தியாவில் ஸ்டார்பக்ஸ் பாதி டாட்டாவுடையது, பாதி அமெரிக்காவுடையது. அங்கே இலாபமும் நட்டமும் பங்குப்படி பிரியும்.

இந்த ஏற்பாடுகள் நிலையானவையும் அல்ல. 2024 ஏப்ரலில் அலோன்யாலின் 225 கடைகளையும் தாய்க் கம்பனியே வாங்குவதாக அறிவித்தது. அதன்பின் அங்கே ‘அது உள்ளூர்க்காரர் செய்தது’ என்ற பதிலுக்கு இடமில்லை.

ஆகவே முடிவெடுக்கும் முன் பில்லில் அச்சிட்டிருக்கும் கம்பனிப் பெயரைப் பார்ப்போம். இங்கே கேஎஃப்சியை நடத்துவது கார்கில்ஸ். அது பங்குச்சந்தைக் கம்பனி என்பதால் அதன் ஆண்டறிக்கையை யாரும் வாசிக்கலாம்.