மூன்றரை மணி விழிப்பு

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வு மாணவர் விடுதி. இறுதி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்த ஆய்வாளர் ஒருவருக்கு உறக்கம் எளிதில் வாய்க்கவில்லை. இரவு பதினொன்றேகாலுக்கு 90 மில்லி விஸ்கி அருந்தினால் பன்னிரண்டுக்குள் கண் சொக்கிவிடுவதை அவர் கண்டுகொண்டார். ஆனால் மூன்றரை மணியளவில் நெஞ்சு படபடக்க, நா வறள விழித்துக்கொள்வார். அதன்பின் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார். ஆய்வேடு பற்றிய அச்சமே தம்மை எழுப்புகிறது என்று நம்பினார். அந்த அச்சத்துக்கு மருந்தாக மறுநாளும் அதே மது.

மருந்தியல் பயிலும் அறைத்தோழர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இந்திய விஸ்கியில் ஆல்கஹாலின் அளவு பெரும்பாலும் 42.8 விழுக்காடு. எனவே 90 மில்லியில் ஏறத்தாழ 30 கிராம் ஆல்கஹால் உண்டு. கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம் அளவில் அதைச் சிதைக்கிறது. அப்படியானால் குருதியிலிருந்து அது நீங்க நான்கு மணி நேரம் ஆகும். அவர் விழித்த நேரமும் அதுவே.

இது தற்செயல் அன்று. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை மது வலுப்படுத்துகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. ஆகவே முதற்பாதி இரவில் உறக்கம் விரைந்து வருகிறது, ஆழ்துயிலும் சற்று மிகுகிறது, கனவுத்துயிலோ ஒடுங்குகிறது. மூளை இந்த அழுத்தத்துக்கு எதிராகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மது வடிந்ததும் அந்த எதிர்விசை மட்டும் எஞ்சுகிறது. இதயத்துடிப்பு உயர்கிறது, கனவுகள் நெரிசலாக மீள்கின்றன, உறக்கம் துண்டு துண்டாகிறது. சிறுநீரைத் தடுத்துவைக்கும் ஹார்மோனையும் மது குறைப்பதால் தாகமும் சிறுநீரும் எழுப்புகின்றன.

முதற்பாதியின் நன்மையும் நிலைப்பதில்லை. தொடர்ந்து சில இரவுகள் அருந்தினால் தூங்கவைக்கும் ஆற்றல் மங்குகிறது. அளவைக் கூட்டத் தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு ஆழ்துயிலே குறைந்துவிடுகிறது. தமிழ் மயங்குதலையும் உறங்குதலையும் இரு வேறு வினைகளாக வைத்திருப்பது பொருத்தமே.

அச்சமா, மதுவா என்பதைப் பிரித்தறிய அறைத்தோழர் சொன்ன வழி எளியது: இரு வாரங்கள் அருந்திய நேரம், அளவு, விழித்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்தல், சில இரவுகள் அருந்தாதிருத்தல். மது இல்லாத இரவுகளில் ஆய்வாளர் ஒரு மணிக்கு மேல்தான் உறங்கினார். ஆனால் ஆறரைவரை விழிக்கவில்லை. அச்சம் காரணமாயின் அந்த இரவுகளிலும் மூன்றரைக்கு எழுந்திருப்பார். அச்சம் அவரது உறக்கத்தைத் தள்ளிப்போட்டது. இடையில் முறித்ததோ மது.

இச்சோதனை அனைவருக்கும் உரியதன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அவர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மதுவுக்கு மாற்றாகத் தூக்க மாத்திரையை நாடி, இரண்டையும் ஒரே இரவில் சேர்ப்பது மூச்சையே ஒடுக்கும்.