முப்பது அட்டையும் ஒரு மாதக் கணக்கும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி மழலையர் பள்ளிகளுக்குப் பட அட்டை அச்சிட்டு விற்கப் போகிறாள். உயிர் 12, மெய் 18, ஆக 30 அட்டை. கடன் வாங்கித் தொடங்குகிறாள். படங்களை மிட்ஜர்னியில் வரையலாம் என்றவள், "எந்தத் திட்டம் சார் எடுக்கறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அடிப்படைத் திட்டம் மாதம் 10 டாலர். சுமார் 200 முறை வரையலாம் என்பார்கள். உண்மையில் அவர்கள் அளப்பது கணினி உழைக்கும் நேரத்தை. மாதத்துக்கு சுமார் 200 நிமிடம். ஒருமுறை வரைய ஏறத்தாழ ஒரு நிமிடம், அதில் நான்கு படம் கிடைக்கும். ஓர் அட்டைக்கு ஆறு முறை முயன்றால் 30 அட்டைக்கு 180 நிமிடம். மிச்சம் 20 நிமிடம்தான். அச்சுக்கு ஏற்றபடி படத்தைப் பெரிதாக்கவும் நேரம் கழியும் என்பதால் அது போதாது. மிஞ்சினாலும் அடுத்த மாதத்துக்குச் சேராது.

30 டாலர் திட்டத்தில் வேக வரிசைக்கு 15 மணி நேரம் உண்டு. அதோடு மெது வரிசையும் உண்டு. அதற்கு நேரக் கணக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிடம் வரை காத்திருக்க நேரலாம். நிறையப் பயன்படுத்தினால் நம் முறை இன்னும் பின்னால் போகும். ஆகவே, முயற்சிகளை எல்லாம் வரிக் கடைசியில் `--relax` என்று சேர்த்து மெதுவாக வரையச் சொன்னேன். அவசரமான வேலைக்கு மட்டும் வேக வரிசை. வேலை முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிடலாம்.

அடுத்தது விற்கும் உரிமை. பணம் கட்டியவர் தாம் வரைந்த படங்களை விற்கலாம். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டும் நிறுவனம் மட்டும் 60 டாலர் திட்டமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். நம் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் விற்கலாம் என்பது வேறு, பிறர் நகலெடுப்பதைத் தடுக்கலாம் என்பது வேறு. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி படங்கள் கொண்ட ஒரு சித்திரக் கதை நூலில் எழுத்துக்கும் தொகுப்புக்கும் மட்டுமே பாதுகாப்பு தந்தது. தனித்தனிப் படங்களுக்குத் தரவில்லை. மேலும், சாதாரணத் திட்டங்களில் நாம் வரைவதை மற்றவர்களும் பார்க்க முடியும்.

அதனால் எழுத்தையும் சொல்லையும் இயந்திரத்திடம் விடாதே, நீயே எழுதி அடுக்கு என்றேன். அது தமிழ் எழுத்தைப் பிழையாகத்தான் வரைகிறது. "சொற்களையெல்லாம் நானே தேர்ந்தெடுக்கறேன் சார்" என்று நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். 'ங்' வரிசைக்குச் சொல் தேடுகிறாள். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.