வெள்ளை வட்டம், கறுப்புக் கோடு

பிரிட்டனில் வீடு மாறும்போது வாடகைக்கு வேன் எடுத்து ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட பலகையில் எண்ணே இருக்காது. வேகத்தைச் சாலையையும் வண்டியையும் பார்த்து நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு நினைவில் நிற்கும் வழி இது. முதலில் தெருவிளக்கைப் பாருங்கள். வரிசையாக விளக்கு இருந்து வேறு பலகை இல்லையென்றால், இங்கிலாந்தில் எல்லா வண்டிக்கும் 30 மைல். வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து அது 20.

விளக்கு இல்லாத, அந்த வெள்ளைப் பலகை உள்ள சாலையில் நடுவே பாருங்கள். எதிர்த்திசையைப் பிரிக்கும் தடுப்போ புல்திட்டோ இருந்தால் காருக்கு 70, இல்லாவிட்டால் 60. எத்தனை வழித்தடம் என்பது கணக்கில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது வேன். டிரான்சிட் போன்ற வேனுக்கு இரண்டிலும் பத்தைக் கழியுங்கள்: 60, 50. மோட்டார்வேயில் மட்டும் காரைப் போலவே 70. கார் பின்னால் டிரெய்லர் இழுத்தால் மோட்டார்வேயிலும் பத்து குறையும்.

ஆகவே தடுப்பில்லாத கிராமத்துச் சாலையில் முன்னால் போகும் காரின் வேகத்தை அப்படியே பின்பற்றாதீர்கள். அவருக்கு 60 சட்டப்படி சரி, உங்கள் வேனுக்கு அது பத்து மைல் அதிகம். கேமராவில் சிக்கினால் கார் அளவில்தான் வந்தேன் என்பது எடுபடாது.