அறைக்கு எழுதிய விடைப்பா

திருவனந்தபுரம் காரியவட்டத்தில் முதுகலை இறுதியாண்டுத் தமிழ் மாணவியர் மூவர், தாம் காலிசெய்யும் விடுதி அறைக்கு விடைப்பா ஒன்று எழுதினர். முதற்படியில் சுவரும் சன்னலும் மழையும் இருந்தன. தட்டுக்கடைப் பொட்டலமும் கட்டன் சாயாவும் கவிதைக்குத் தகாதவை என்று ஒருத்தி அவ்வரிகளை அடித்துவிட்டாள்.

மற்றொருத்தி புறநானூற்றின் 113ஆம் பாடலைக் காட்டினாள். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரோடு பறம்பை நீங்கும் கபிலர், அம்மலையை விளித்து முதலில் நினைவுகூர்வது உணவைத்தான்: திறந்த மதுச்சாடி, வீழ்த்திய கிடாய், குறையாத ஊன்சோறு. மலையின் அழகைப் பற்றி ஏதுமில்லை. அடுத்து ‘மன்’ என்னும் இடைச்சொல் வருகிறது. தொல்காப்பியர் அதற்குக் கூறும் பொருள்களுள் ஒன்று கழிவு. அவ்வளவும் போயிற்று என்பதை அந்த ஓரசையே தாங்குகிறது. கண்ணீர் அதன் பின்னர்தான்.

அடித்த வரிகள் திரும்பின. தேர்வுக்கு முந்திய இரவில் நன்னூல் நூற்பாக்களை ஒப்பித்துக்கொண்டே நால்வர் பகிர்ந்துண்ட இரண்டு ஆம்லெட்டும் அவற்றோடு வந்தது. நான்காமவள் மூன்றாம் பருவத்தோடு படிப்பை நிறுத்தி ஊர் திரும்பியவள்; முதற்படியில் அவளும் இல்லை. இப்போது அவ்வரியின் இறுதியில் ‘மன்’ நிற்கிறது.