பச்சை விளக்கும் காந்தாரமும்

டியூனர் செயலியில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால் சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருளா? கர்நாடக இசை பயிலும் மாணவர்கள் பலர் இன்று ஒரே கைப்பேசியில் தம்புரா செயலியையும் டியூனர் செயலியையும் வைத்துக்கொண்டு சாதகம் செய்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் என்பது அவர்களது நம்பிக்கை. ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. அந்தர காந்தாரத்தில் அது உடைகிறது. அங்கே தம்புரா ஒன்று சொல்கிறது, டியூனர் வேறொன்று சொல்கிறது. நடுவில் நிற்கும் மாணவர் தம் காதையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

ஹைதராபாத்தில் எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் முதுகலை மாணவி ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். ஐந்து கட்டை சுருதியில் பாடுபவர்; சென்னையிலுள்ள ஆசிரியையிடம் இணையவழியில் பயில்கிறார். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத் திரும்பப் பாடிச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை என்னிடம் வந்தார். “காந்தாரம் ஒட்டாமல் தனியாக நிற்கிறது என்று டீச்சர் சொல்கிறார். செயலியோ ஒவ்வொரு முறையும் பச்சை காட்டுகிறது. எனக்குச் சுருதி ஞானமே இல்லையோ, அக்கா? வகுப்பை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது,” என்றார். மொழியியலில் பேச்சொலியின் சுருதியை அளந்து பழகியவள் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தார்.

கருவியின் முள்ளில் இரண்டு கூற்றுகள் கலந்திருக்கின்றன என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்கும் பாடம். ஒன்று, இந்த ஒலி நொடிக்கு இத்தனை முறை அதிர்கிறது என்னும் அளவீடு. மற்றொன்று, இது சரியா தவறா என்னும் தீர்ப்பு. அளவீடு பெரும்பாலும் நம்பத்தக்கது. தீர்ப்பு, செயலியை எழுதியவர் எந்த மரபை இயல்பானதாக எடுத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான டியூனர் செயலிகள் கித்தாருக்கும் கீபோர்டுக்கும் ஏற்றபடி, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பங்கும் 100 சென்ட். அதன்படி ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட் தொலைவில் இருக்க வேண்டும்.

தம்புரா அப்படிப் பிரிப்பதில்லை. ஐந்து கட்டை என்பது செயலித் திரையில் G. அதன் அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ். ஷட்ஜத் தந்தியை மீட்டும்போது 196 மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் உடன் ஒலிக்கின்றன. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் இவற்றைத் தூண்டி வளர்க்கிறது. தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரை செய்யும் இந்த வேலையைக் குறித்து சி.வி. ராமன் 1921இல் எழுதியிருக்கிறார். இந்த ஐந்தாம் மடங்குதான், நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் காந்தாரம். ஐந்து மடங்கு என்றால் 980 ஹெர்ட்ஸ். அதை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 245. தம்புராவோடு முழுமையாக இழையும் காந்தாரம் இதுவே.

டியூனர் கேட்கும் காந்தாரம் ஏறக்குறைய 247 ஹெர்ட்ஸ். திரையில் B என்று தெரியும். இரண்டுக்கும் இடையே 14 சென்ட் வேறுபாடு. பச்சை விளக்கு சில சென்ட் விலகலை மட்டுமே பொறுத்துக்கொள்ளும் என்பதால், 245இல் நிற்கும் காந்தாரத்தை அது தாழ்வு என்று காட்டிவிடும். காதுக்கு இந்த வேறுபாடு எப்படிக் கேட்கும்? 247இல் பாடும் குரலின் நான்காம் மடங்கு 988. தம்புராவின் ஐந்தாம் மடங்கு 980. அருகருகே இருக்கும் இரு அதிர்வெண்கள் மோதும்போது அவற்றின் வேறுபாட்டளவுக்கு விம்மல் எழும். இங்கே நொடிக்கு எட்டு. எண்ணிப் பார்க்க முடியாத அந்த விரைந்த நடுக்கத்தைத்தான் ஆசிரியை ‘ஒட்டவில்லை’ என்ற ஒரே சொல்லில் சொல்லியிருந்தார். பஞ்சமத்தில் இவ்விரு முறைகளுக்கும் இரண்டு சென்ட் வேறுபாடுதான். ஆகவே அங்கே சண்டை எழுவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க அம்மாணவியை இரு விதமாகப் பாடச் சொன்னேன். திரையைப் பார்த்தபடி பாடிய காந்தாரங்களை Praat மென்பொருளில் அளந்தபோது 246க்கும் 248க்கும் இடையே இருந்தன. திரையைக் கவிழ்த்துவிட்டு, தம்புராவை மட்டும் கேட்டுப் பாடியபோது 244க்கும் 246க்கும் இடையே வந்து நின்றன. அவருடைய காது முன்பே சரியாக இருந்தது. கண் அதை மேலே இழுத்துக்கொண்டிருந்தது.

இப்படி அளப்பதற்குள் மைக் தரும் தொல்லைகளைக் கடக்க வேண்டியிருந்தது. தம்புராவும் டியூனரும் ஒரே கைப்பேசியில் ஓடினால், மைக் முதலில் கேட்பது அக்கைப்பேசியின் ஒலிபெருக்கியைத்தான். நாம் வாய் திறக்கும் முன்பே திரையில் G தோன்றும். காந்தாரம் பாடும்போதும் முள் B, G, D என்று தாவும். ஆகவே அளக்கும் வேளையில் தம்புரா காதொலிப்பானில் மட்டும் ஒலிக்க வேண்டும். அதுவும் கம்பியுள்ளதாக இருப்பது நல்லது. புளூடூத் காதொலிப்பானில் செயலி அதன் மைக்கைத் திறந்தவுடன் இணைப்பு தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறிவிடக்கூடும். தம்புராவின் மேல் ஒலிகள் அறுந்து அது தகரக் குரலாகிவிடும். 

ஆனால் கேட்டுப் பழகும் வேளைக்கு இதே ஏற்பாடு பொருந்தாது. விம்மல் கேட்க, குரலும் தம்புராவும் ஒரே காற்றில் கலந்து காதை அடைய வேண்டும். அப்போது தம்புராவைச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றில், குரலைவிடச் சற்றுத் தாழ்ந்த அளவில், வெளியே ஒலிக்கவிட வேண்டும். கேட்பதற்கும் அளப்பதற்கும் எதிரெதிரான ஏற்பாடுகள் தேவை என்பதால், இரண்டையும் ஒரே அமர்வில் செய்ய முயலாமல் பிரித்துக்கொள்வதே வழி.

அளக்கும்போது கைப்பேசியின் கீழ் விளிம்பிலுள்ள மைக் துளையை விரல் மூடாமல், வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மூச்சுக்காற்று நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துவது நல்லது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் சாதனங்களின் ரீங்காரம் பெரும்பாலும் அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸில் கேட்கும். ஐந்து கட்டையில் மந்த்ர ஷட்ஜம் 98. யாரும் பாடாதபோதும் முள் G-க்கு மேலே 35 சென்ட் அளவில் அசையாமல் நின்றால், அது பாடகரின் குரலன்று, அறையின் ரீங்காரம். ‘க’ என்ற எழுத்தோடு பாடினால் அந்த மெய்யின் தொடக்கத்தில் குரல் சற்றுத் தாழ்ந்து எழும். ஆதலால் அகாரத்தில் நீட்டி, நடுப்பகுதியை மட்டும் படிக்க வேண்டும்.

டியூனரையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். தம்புரா செயலியை வேறொரு கருவியில் ஒலிக்கவிட்டு, ஷட்ஜம் சரியாக G-இல் விழுகிறதா என்று பார்க்கலாம். எட்டு சென்ட் தாழ்வாகக் காட்டினால், டியூனரின் அமைப்பில் A-இன் மதிப்பு 440-க்குப் பதிலாக 442 என்று இருக்கக்கூடும்.

இணைய வகுப்புகளுக்கு இன்னொரு தடை உண்டு. அழைப்புச் செயலிகள், மாறாமல் நீடிக்கும் ஒலியை இரைச்சல் என்று கருதி அழிக்கும்படி அமைக்கப்பட்டவை. தம்புராவும் நீட்டிப் பிடித்த ஸ்வரமும் அவற்றுக்கு மின்விசிறியின் இரைச்சலைப் போன்றவையே. ஒரே அழுத்தத்தில் பத்து நொடி அகாரம் பாடி மறுமுனையில் கேட்கச் சொல்லுங்கள். பிற்பாதி தேய்ந்து மறைந்தால் இந்த வடிகட்டி வேலை செய்கிறது என்று அறியலாம். ஜூமில் “Original sound for musicians” என்ற தெரிவை இயக்கினால் அது பெரும்பாலும் விலகும். அம்மாணவியின் வகுப்பில் இது முன்பே இயங்கியது. அதனால்தான் அந்த விம்மல் ஆசிரியையின் காதுவரை போய்ச் சேர்ந்தது.

எனினும் 400-ஐ அரியணையிலிருந்து இறக்கி 386-ஐ அமர்த்துவது என் நோக்கமன்று. குரல் இயல்பாகவே சில சென்ட் ஊசலாடும். கீபோர்டோடு சேர்ந்து பாடினால் அதன் காந்தாரம் 400இல்தான் இருக்கும். அங்கே 386 ஒட்டாது. தோடியின் காந்தாரத்தையோ எந்த முள்ளாலும் சுட்ட முடியாது. அது கமகத்தில் அசைந்துகொண்டே வாழும் ஸ்வரம். ஒரு வினாவாக்கியத்தின் தொனியை ஒரு புள்ளியில் நிறுத்தி அளக்க முடியாதது போலத்தான் இதுவும். அசைவின்றி நிறுத்தும் ஸ்வரங்களுக்கு மட்டுமே டியூனர் பயன்படும். அவற்றிலும் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டுமே அதன் விளக்கை நம்பலாம்.

இப்போது அம்மாணவி பயிற்சியின் தொடக்கத்தில் ஷட்ஜ பஞ்சமங்களை டியூனரில் பார்த்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். பிறகு தம்புராவை வெளியே ஒலிக்கவிட்டுக் காந்தாரத்தை மெதுவாகக் கீழிருந்து ஏற்றி, விம்மல் தளர்ந்து தளர்ந்து அடங்கும் இடத்தில் நிற்கிறார். வாரம் ஒருமுறை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்க்கிறோம். முள் B-க்குக் கீழே பத்து, பதினைந்து சென்டில் நிற்கிறது. விளக்கு சிவப்பாகவே எரிகிறது. சென்ற வகுப்பில் ஆசிரியை காந்தாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாராம்.