மளிகைக் கடை பாக்கி: 64 இன்வாய்ஸையும் உட்கார்ந்து பார்த்தோம்



நம்ம கோவில் அன்னதானத்துக்குச் சாமான் கொடுத்த மளிகைக் கடையோட பாக்கி விஷயம் உங்களில் பல பேருக்குத் தெரியும். "கோவில் ஏமாத்திடுச்சு"ன்னு ஒரு பக்கம், "கடைக்காரர் கூட்டி எழுதிட்டார்"னு ஒரு பக்கம், சாப்பாட்டு வரிசையிலேயே பேச்சு ஓடுது. அந்தக் கடை ஐயா முன்னே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார். இப்போ கோவில் பக்கமே வர்றதில்லை. அதனால கணக்கு எந்த நிலையில இருக்குன்னு மறைக்காம சொல்லிடறோம்.

2017 தைப்பூசத்திலிருந்து 2020 மார்ச் வரைக்கும் உள்ள கணக்கு இது. கடையின் ஸ்டேட்மெண்ட்படி நாம் தர வேண்டியது 38,760 வெள்ளி. கோவில் புத்தகப்படி 21,915 வெள்ளி. வித்தியாசம் 16,845. இதுவரைக்கும் நடந்த கூட்டங்களில் இரண்டு தரப்பும் இந்த மொத்தத் தொகையை வைத்தே சண்டை போட்டோம். மொத்தத்தை வைத்துப் பேசினால் எந்த இடத்தில் தப்பு என்று யாருக்கும் தெரியாது. கோபம்தான் மிஞ்சும்.

இந்தத் தடவை கடை ஐயாவின் மகனும் நாங்கள் மூன்று தொண்டர்களும் கல்யாண மண்டபத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். 64 இன்வாய்ஸையும் மேசையில் பரப்பினோம். முதல் நாள் இன்வாய்ஸ் நம்பர் வரிசையில் அடுக்கினதில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் வாரம் மாற்றி, சாமான் இறக்கும்போது நாம் கையெழுத்துப் போடுகிற டெலிவரி ஆர்டர் நம்பரை வைத்து அடுக்கினோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரே டெலிவரி ஆர்டருக்குக் கையால் எழுதிய பில் ஒன்று, பிறகு கம்ப்யூட்டரில் அடித்த இன்வாய்ஸ் ஒன்று என இரண்டு இருந்தன. நம்பர் வேறு, தேதியும் இரண்டு மூன்று நாள் தள்ளி, ஆனால் சாமானும் தொகையும் ஒன்றே. இன்வாய்ஸ் நம்பரை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

அதேபோல நம் பக்கத் தப்பும் வெளியே வந்தது. நம்ம தொண்டர்களே கையெழுத்துப் போட்டு வாங்கிய நான்கு டெலிவரி, நம் புத்தகத்தில் ஏறவே இல்லை. திருவிழா ராத்திரி வாங்கி வைத்த சீட்டு, பொருளாளர் கைக்கு வராமல் சமையல்கட்டு டிராயரிலேயே கிடந்திருக்கிறது. இதைக் கடைக்காரர் மகன் கேட்கும் முன்னாடி நாங்களே எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகுதான் அவர் தன் பக்க இரட்டை பில்லைப் பற்றி மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்.

இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டவை:

1. இரட்டையாகப் போட்ட மூன்று இன்வாய்ஸ், 2,870 வெள்ளி. கடை இதைக் கழிக்கிறது.
2. உபயக்காரர்கள் நேராகக் கடையில் கட்டிய மூன்று தொகை, 2,950 வெள்ளி. "நான் கட்டிட்டேன்"னு அவர்கள் சொன்னதும் நாம் கழித்துவிட்டோம். கடையோ அதை அவர்கள் வீட்டுக் கணக்கில் வரவு வைத்துவிட்டது. ரசீது கிடைத்ததால் இதையும் கடை கழிக்கிறது.
3. நாம் பதிய மறந்த நான்கு டெலிவரி, 3,425 வெள்ளி. இதை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

இதைச் சரிசெய்தால் கடைக் கணக்கு 32,940 ஆகிறது, நம் கணக்கு 25,340 ஆகிறது. 16,845ஆக இருந்த வித்தியாசம் இப்போது 7,600. அது எந்தெந்த சீட்டு என்பதும் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒப்புக்கொள்ளாதவை:

1. ரசீது இல்லாத இரண்டு உபயத் தொகை, 1,700 வெள்ளி. ஒன்று 900, பேங்க் வழியாகப் போனது. மற்றது 800, ரொக்கம். அந்த ரொக்கம் கட்டியவர் இப்போது நம்மோடு இல்லை. அவர் மகன் பழைய பேப்பர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

2. 2020 மார்ச் 17 தேதியிட்ட இரண்டு இன்வாய்ஸ், 5,900 வெள்ளி. பெரிய தகராறே இதுதான்.

மறுநாள் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து கோவில் கதவு மூடப்பட்டது. பங்குனி உத்திரமும் நடக்கவில்லை. "நடக்காத திருவிழாவுக்கு எதுக்குப் பணம்?" என்பது நம் வாதம். "கதவு மூடுற முன்னாடி நாள் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இறக்கிட்டோம்" என்பது அவர்கள் வாதம். டெலிவரி ஆர்டரில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது யாருடையது என்று நம்மில் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் சாமான் அறைப் புத்தகத்தைப் பார்த்தோம். மார்ச் 15 அன்று இருப்பு, 10 கிலோ அரிசி மூட்டை 14. பிறகு பக்தர்கள் கொடுத்தது 10. மொத்தம் 24. ஆனால் ஏப்ரலில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு நாம் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் 32 மூட்டை வருகிறது. மீதி 8 மூட்டை எங்கிருந்து வந்தது? இன்வாய்ஸில் இருப்பது 60 மூட்டை. எட்டைக் காட்டி அறுபதையும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் "ஒன்றுமே வரவில்லை" என்று சாமி முன்னால் நின்று சொல்லவும் எங்களுக்கு இனி வாய் வராது.

அடுத்து செய்யப்போவது:

ஒப்புக்கொண்ட 25,340 வெள்ளியை நான்கு தவணையில் காசோலையாகக் கொடுப்போம். தகராறு தீரட்டும் என்று இதைப் பிடித்து வைக்க மாட்டோம். ஒவ்வொரு காசோலையோடும் எந்தெந்த இன்வாய்ஸுக்கு என்று எழுதிக் கொடுப்போம். "பழைய பாக்கிக்கு" என்று பொதுவாகக் கொடுத்ததால்தான் போன தடவை நம் பணம் எதில் கழிந்தது என்றே தெரியாமல் போனது.

இரண்டு தரப்பும் கையெழுத்திடும் தாளில், ஒப்புக்கொண்டது, ஒப்புக்கொள்ளாதது என இரண்டு பகுதி தனித்தனியாக இருக்கும். காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1953 காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, அதற்கென்று ஒரு பகுதி கட்டினாலோ, அந்த 6 ஆண்டு திரும்ப முதலிலிருந்து ஓடும். அதனால் தகராறில் உள்ள 7,600 நம் கையெழுத்துக்குள் தெரியாமல் போய்விடக் கூடாது.

"பழைய இன்வாய்ஸுக்கெல்லாம் காலம் கடந்துடுச்சே, ஏன் கட்டணும்?"னு ஒரு சிலர் கேட்டீங்க. அந்த அரிசியைப் பொங்கி நாமதான் சாப்பிட்டோம். அதுக்கு மேல நாங்க என்ன சொல்ல?

900 வெள்ளிக்கு உபயக்காரர் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுக்கிறார். மார்ச் 17 விஷயத்துக்கு, அன்று சாமான் அறைச் சாவி வைத்திருந்தவர்களையும் லாரி ஓட்டியவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்போம். அப்படியும் தீராவிட்டால் இரண்டு தரப்பும் ஏற்கிற ஒரு கணக்காய்வாளரிடம் கொடுத்து, அவர் சொல்வதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைப்போம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2020 மார்ச் 16, 17 தேதிகளில் கோவிலில் எடுத்த படம் யார் போனிலாவது இருந்தால் அனுப்புங்க. சாமான் அறை வாசலோ லாரியோ ஓரத்தில் தெரிந்தாலும் போதும். படம் யாருக்குச் சாதகமாக இருந்தாலும் அதைக் கடைக்காரருக்கும் காட்டுவோம்.

போன ஞாயிறு கடைக்காரர் மகன் கிளம்பும்போது, "அப்பாகிட்ட இந்தத் தாளைக் காட்டறேன்"னு வாங்கிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஐயா வந்தால், இதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்காதீங்க. சாப்பாட்டு வரிசையில் இடம் மட்டும் விடுங்க.


அன்னதானத் தொண்டர்கள்