250 பிகோஃபாரட் எங்கிருந்து வந்தது

வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையின் அதிர்வெண் மாறாது. பேச்சும் இசையும் ஏறி இறங்குவதற்கேற்ப அதன் வீச்சுதான் கூடிக் குறைகிறது. அலையின் முகடுகளைத் தொட்டபடி ஒரு கோடு வரைந்தால் அது ஒலியின் வடிவத்திலேயே இருக்கும். இந்தக் கோட்டுக்கு உறை என்று பெயர். ஊர்தி அலையை நீக்கி உறையை மட்டும் எடுப்பது பண்பிறக்கம். அதற்கு மிக எளிய வழி ஒரு டையோடு, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை. அலை மேலெழும்போது டையோடு கடத்துகிறது, மின்தேக்கி முகடு வரை ஏற்றம் பெறுகிறது. அலை இறங்கியதும் டையோடு அடைத்துக்கொள்ள, மின்தேக்கி மின்தடை வழியே மெல்ல இறங்குகிறது. எவ்வளவு மெல்ல என்பதை R, C இரண்டின் பெருக்கல், அதாவது நேர மாறிலி, முடிவுசெய்கிறது.

பழைய வால்வு ரேடியோக்களின் சுற்றுப்படங்களில் இந்த இடத்தில் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகள் 250 பிகோஃபாரட், 5 லட்சம் ஓம். ஐந்து லட்சம் ஓம் என்பது ஒலியளவுக் குமிழின் மின்தடையே. பெருக்கினால் 125 மைக்ரோவினாடி. பாடநூல் விதியோ பொதுவாகப் பேசுகிறது: நேர மாறிலி ஊர்தி அலையின் ஒரு சுழற்சியைவிட மிக நீளமாகவும், ஒலியின் மாற்றத்தைவிட மிகக் குறுகலாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு 'மிக'களுக்கும் நடுவில் இடம் தாராளமாக இருக்கிறது. அப்படியிருக்க ஏன் 125 என்ற கேள்வியோடு நான் பின்னோக்கிப் போனேன்.

படிக ரேடியோவில் விடை இல்லை. 2,000 ஓம் காதொலிப்பானுக்குக் குறுக்கே 0.001 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைப்பார்கள். அதன் நேர மாறிலி 2 மைக்ரோவினாடிதான். நடுத்தர அலையின் ஒரு சுழற்சியே ஏறத்தாழ ஒரு மைக்ரோவினாடி என்பதால் அது முகடுகளைத் தாங்கிப் பிடிப்பதில்லை. ஊர்தி அலைக்கு ஒரு குறுக்குவழி திறந்துவிடுகிறது, அவ்வளவே. உறையைத் தொடர முடியாமல் பின்தங்குவது என்ற சிக்கல் அங்கே எழவே இல்லை.

250 பிகோஃபாரட் தெளிவாகத் தென்படுவது அடுத்த படியில், 1920-களின் கிரிட் லீக் சுற்றில். அதில் வால்வின் கிரிட்டும் கேத்தோடும் சேர்ந்து ஒரு டையோடாக இயங்கும். கிரிட்டுக்கு முன்னால் 0.00025 மைக்ரோஃபாரட், அதாவது அதே 250 பிகோஃபாரட். உடன் 20 லட்சம் ஓம் மின்தடை. நேர மாறிலி 500 மைக்ரோவினாடி. தொலைவிலிருந்து வரும் மெலிந்த சைகையைப் பிடிப்பதே அன்று முதல் தேவை. மின்தடை பெரிதாக இருந்தால் உணர்திறன் கூடும். உயர்ந்த சுரங்கள் மங்கிப்போனதை அன்றைய ஒலிபெருக்கிகளில் யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். சைகை வலுத்த பிறகு இந்த மதிப்புகள் பொருந்தவில்லை. 1930-களின் தொடக்கத்தில் வந்த திறன் கிரிட் லீக் முறையில் மின்தேக்கி 100 பிகோஃபாரட், மின்தடை இரண்டரை லட்சம் ஓம் என்ற அளவுக்கு இறங்கின. நேர மாறிலி 25 மைக்ரோவினாடியாகச் சுருங்கியது.

அதற்குள் தனி டையோடு வந்துவிட்டது. ஹெரால்ட் வீலர் உருவாக்கிய தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு 1929-ல் ஃபில்கோ 95 ரேடியோவில் வெளிவந்தது. டையோடின் மின்தடையில் சராசரியாக நிற்கும் நேர்மின்னழுத்தம் ஊர்தி அலையின் வலுவைச் சொல்லும். அதையே முந்தைய வால்வுகளுக்கு எதிர் அழுத்தமாகத் திருப்பி அனுப்பினால், வலுத்த நிலையமும் மெலிந்த நிலையமும் ஏறத்தாழ ஒரே ஒலியளவில் கேட்கும். இந்த ஏற்பாட்டில் 250 பிகோஃபாரட் மறுபடி இடம்பிடித்தது, மின்தடை மட்டும் நான்கில் ஒரு பங்காகியது. கடைகளில் நிறைந்து கிடந்த மின்தேக்கி என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம். ஆனால் அந்த மதிப்பு நிலைத்ததற்குப் பழக்கம் மட்டுமே காரணமல்ல என்பதைக் கணக்கு காட்டுகிறது.

மின்தேக்கி உறையைவிட வேகமாக இறங்க முடிய வேண்டும் என்பதே நிபந்தனை. உறையை A(1 + m cos ωt) என்று எழுதினால், எந்தக் கணத்திலும் மின்தேக்கி இறங்கக்கூடிய வேகம் அப்போதுள்ள அழுத்தத்தை RC-யால் வகுத்த அளவு. உறை மிகச் செங்குத்தாக விழும் இடத்தில்தான் ஆபத்து என்று முதலில் தோன்றும். அப்படியல்ல. அதற்குச் சற்றுக் கீழே, cos ωt = −m ஆகும் இடத்தில், உறை அப்போதும் வேகமாகவே விழுந்துகொண்டிருக்க, மின்தேக்கியிலோ அழுத்தம் குறைந்து அதன் வேகம் தளர்ந்திருக்கும். அந்த இடத்தைச் சமாளித்தால் மற்ற இடங்கள் தாமே சரியாகும். கிடைக்கும் வரம்பு:

RC ≤ √(1 − m²) / (ω m)

இங்கே m என்பது பண்பேற்ற ஆழம், ω என்பது ஒலி அதிர்வெண்ணின் 2π மடங்கு. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலி 80 விழுக்காடு ஆழத்தில் வந்தால், RC 24 மைக்ரோவினாடியைத் தாண்டக்கூடாது. 125 மைக்ரோவினாடி அதைப்போல் ஐந்து மடங்கு. அந்த ரேடியோ 5 கிலோஹெர்ட்ஸில் 25 விழுக்காடு ஆழத்தைத்தான் திரிக்காமல் தொடரும், 1 கிலோஹெர்ட்ஸில் 79 விழுக்காடு வரை தொடரும்.

ஏட்டின்படி தேறாத இந்த மதிப்பு வீடுகளில் தேறியதற்குக் காரணம் ஒலியின் இயல்பு. பேச்சிலும் இசையிலும் வலுவெல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 5 கிலோஹெர்ட்ஸ் தனியாக 80 விழுக்காடு ஆழத்தில் வருவது சோதனை மேசையில்தான் நடக்கும். மறுபக்கம், நேர மாறிலியைக் குறைப்பதற்கும் விலை உண்டு. மின்தடையைக் குறைத்தால் டையோடு முந்தைய சுருளைச் சுமையாக இழுக்கும். சுருளுக்குத் தெரியும் சுமை ஏறத்தாழ R-இன் பாதி. 5 லட்சம் ஓமுக்குப் பதில் 1 லட்சம் வைத்தால் சுருள் 50,000 ஓமைச் சுமக்கிறது, சைகை குறைகிறது, பக்கத்து நிலையங்களைப் பிரிக்கும் திறனும் மழுங்குகிறது. மின்தேக்கியைக் குறைத்தால் டையோடின் சொந்தக் கொள்ளளவோடு அது ஒப்பிடத்தக்கதாகி, உயர் அதிர்வெண் அழுத்தத்தில் ஒரு பகுதி டையோடில் விழாமல் மின்தேக்கியிலேயே விழுந்துவிடும். ஊர்தி அலையின் சிற்றலையும் பெருகும். டையோடை அடையும் இடைநிலை அதிர்வெண்ணான 455 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுழற்சி 2.2 மைக்ரோவினாடி. ஆகவே 125-இல் சிற்றலை 2 விழுக்காட்டுக்குள் அடங்குகிறது, 24-இல் 9 விழுக்காட்டை எட்டுகிறது. பின்னால் ஒரு சிறு வடிகட்டி வைத்தால் சிற்றலை போய்விடும் என்பதால், உண்மையான தடை சுருளின் சுமைதான்.

டிரான்சிஸ்டர் ரேடியோவில் அடுத்த நிலையின் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு. ஆகவே ஒலியளவுக் குமிழ் 5,000 ஓமுக்கு இறங்கியது. மின்தேக்கி 0.01 மைக்ரோஃபாரட் ஆனது. நேர மாறிலி 50 மைக்ரோவினாடி. ஆசியாவில் நடுத்தர அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைவதால், ஒலியின் மேல் எல்லையை 4.5 கிலோஹெர்ட்ஸ் என்று கொள்ளலாம். அங்கே இந்த மதிப்பு 58 விழுக்காடு ஆழம் வரை தாங்குகிறது. வால்வு ரேடியோவைவிட இது நல்ல நிலைமை.

RC சரியாக இருந்தும் ஒலி கரகரத்தால் வேறொரு காரணத்தைத் தேட வேண்டும். டையோடுக்கு நேர்மின்னோட்டத்தில் தெரியும் சுமை ஒன்று, ஒலி அதிர்வெண்ணில் தெரியும் சுமை வேறு. வால்வு ரேடியோவில் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்குப் போகும் 22 லட்சம் ஓம், ஒலி அதிர்வெண்ணில் 5 லட்சத்துக்கு இணையாகச் சேர்ந்து, சுமையைச் சுமார் 4.07 லட்சமாகக் குறைக்கிறது. இரண்டின் விகிதம் 0.81. அதைத் தாண்டி ஆழம் போனால் உறையின் அடிப்பகுதி வெட்டுப்படும். அலைநோக்கியில் இந்தக் குறை தட்டையான அடியாகத் தெரியும். நேர மாறிலி நீண்டதால் வரும் குறையோ, இறங்கும் பக்கம் மட்டும் வளைவை விட்டு விலகிய சரிவாகத் தெரியும். அலைநோக்கி இல்லாவிட்டாலும் பிரித்தறியலாம்: சோதனை ஒலியின் ஆழத்தை மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் உயர்த்தினால், நேர மாறிலியால் வரும் திரிபு கூடிக்கொண்டே போகும், சுமை விகிதத்தால் வரும் திரிபு அப்படியே நிற்கும்.